குழந்தை எட்டிப் பிடிக்கிற உயரம்: தங்கச்சி வீட்டு கிச்சனை மாத்தினப்போ எல்லாரும் கேட்ட கேள்விகள்

என்னதான்க்கா நடந்துச்சு? பையனுக்கு ஒண்ணும் ஆகலையே?

ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியத்துல. தங்கச்சி இருக்குறது தாம்பரம் பக்கம் வாடகை வீடு, அவ பையனுக்கு அப்போ ஒரு வயசு நாலு மாசம். சாயங்காலம் உருளைக்கிழங்கு வறுத்துட்டு இருந்திருக்கா, நீளக் கைப்பிடி வெச்ச நான்ஸ்டிக் பேன், ரெண்டு பர்னர் அடுப்புல வலது பக்கம், கைப்பிடி மேடை விளிம்பை தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கு. மிளகாய்த்தூள் டப்பா எதிர் செவுத்து ஷெல்ஃப்ல, அதை எடுக்கத் திரும்பினா, ரெண்டு எட்டு வைக்கிற தூரம்தான். ஹால்ல கார் உருட்டிட்டு இருந்தவன் அந்த நேரத்துல உள்ள வந்து, நுனிக்கால்ல நின்னு, கைப்பிடியை பிடிச்சுத் தொங்கிட்டான். பேன் சாய்ஞ்சு எண்ணெய் கொஞ்சம் அடுப்பு மேல கொட்டி தீ குப்புனு ஏறின சத்தத்துலதான் இவ திரும்பியிருக்கா. சட்டை காலரைப் பிடிச்சு பின்னாடி இழுத்ததுல அவன் கை விட்டுடுச்சு, பேனோட அடி பர்னர் ஸ்டேண்டு கால்ல மாட்டி நின்னுடுச்சு, இல்லேன்னா அப்படியே அவன் மேலதான்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி அழுதா. நான் ஸ்டாஃப் நர்ஸ், தீக்காய வார்டுல வேலை பார்த்திருக்கேன், இந்த மாதிரி இழுத்துவிட்ட குழந்தைங்களை நிறைய பார்த்திருக்கேன். மேல இருந்து கொட்டுறதால தாடை, கழுத்து, நெஞ்சு, தோள்பட்டை, ஒரு கை, இப்படித்தான் வெந்திருக்கும், வார்டுக்குள்ள தூக்கிட்டு வரும்போதே எப்படி நடந்திருக்கும்னு தெரிஞ்சிடும். அதனால அடுத்த லீவுல நேரா அங்க போயிட்டேன், ரெண்டு பேரும் சேர்ந்து கிச்சன் முழுக்க இடம் மாத்தினோம். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, அவ ஃப்ரெண்ட்ஸ்னு ஆளாளுக்கு கேட்டதுக்குத்தான் இந்த பதில்கள்.

மேடை என் இடுப்பு உயரம் இருக்கு, ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அது எப்படி எட்டும்?

அளந்து பாருங்க, அளந்தாத்தான் நம்புவீங்க. தங்கச்சி வீட்டு மேடை தரையில இருந்து 33 இஞ்ச், அதாவது 84 செ.மீ. பையன் உயரம் 80 செ.மீ., அந்த வயசுக்கு சராசரிதான். அவன் தலையே மேடைக்கு கீழதான் இருக்கு, அதனாலதான் நாம எட்டாதுனு நினைக்கிறோம். ஆனா கையைத் தூக்கி நுனிக்கால்ல நின்னா எவ்வளவு உயரம்ங்கிறதுதான் கணக்கு. அதுக்கு நாங்க என்ன பண்ணோம்னா, அவனுக்குப் பிடிச்ச ஒரு காந்த பொம்மையை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி, அவன் எடுக்க எடுக்க கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தி ஏத்தி வெச்சோம். கடைசியா எடுத்த இடம் தரையில இருந்து 99 செ.மீ. எனக்கே அது எதிர்பார்க்காத உயரம்தான்.

இப்போ மறுபக்கம் பாருங்க. மேடை 84, அது மேல அடுப்பு ஒரு 10 செ.மீ., அதுக்கு மேல பேன், அதோட கைப்பிடி 97, 98 கிட்ட வருது. ஆக பேன் உயரத்துல இருந்தாலும் கைப்பிடி விரல் நுனிக்கு எட்டுது. குழந்தைக்கு பாத்திரம் எட்டணும்னே இல்ல, பாத்திரத்துல இருந்து வெளிய நீட்டிட்டு இருக்குறது ஏதாவது ஒண்ணு எட்டினா போதும். கைப்பிடி, கரண்டிக் காம்பு, தொங்குற பிடிதுணி, கெட்டில் வயரு, எதுவா இருந்தாலும் சரி. அதுல என்ன இருக்குனு அவனுக்குத் தெரியாது, மேல என்னமோ அம்மா பண்ணுறா, நானும் பார்க்கணும், அவ்வளவுதான் அவன் மனசுல.

மேடைக்கு உள்பக்கம் எவ்வளவு தூரம் கை போகுதுனும் பார்த்தோம். விளிம்புல இருந்து கிட்டத்தட்ட 5 இஞ்ச் வரைக்கும் துழாவுறான். அதனால 8 இஞ்ச் உள்ள தள்ளி கிரானைட் மேல மஞ்சள் டேப் ஒரே நேரா ஒட்டிட்டோம். அந்தக் கோட்டுக்கு முன்னாடி சூடானது, கனமானது, கூர்மையானது எதுவும் வரக்கூடாது, அவ்வளவுதான் ரூலு. டேப் ஒட்டினதுல பெரிய லாபம் என்னன்னா, அவ வீட்டுக்காரர் டீ போட்டாலும், மாமியார் வந்து சமைச்சாலும், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, கோடு கண்ணுக்குத் தெரியுது.

பின்னாடி பர்னர்ல வைங்கனு எல்லா வீடியோலயும் சொல்றாங்க, நம்ம அடுப்புல பின்னாடி பர்னரே இல்லையே?

ஆமா, அது நாலு பர்னர் வெச்ச வெளிநாட்டு அடுப்புக்குச் சொன்னது. நம்ம ரெண்டு பர்னர் அடுப்புல ரெண்டுமே பக்கத்துப் பக்கத்துல, ரெண்டுமே முன்பக்கம் மாதிரிதான். மூணு பர்னர் இருந்தா நடுவுல கொஞ்சம் பின்னாடி ஒண்ணு இருக்கும், அதுவும் சின்னது, பால் காய்ச்சத்தான் ஆகும்.

நம்மளால முடியுறது அடுப்பையே பின்னாடி நகர்த்துறது. மேடை அகலம் 24 இஞ்ச், அடுப்பு ஆழம் 15 இஞ்ச். எல்லார் வீட்டுலயும் அடுப்பு முன் விளிம்போட ஒட்டி, பின்னாடி சும்மா இடத்தை விட்டு, அங்க எண்ணெய் பாட்டில் அடுக்கி வெச்சிருப்போம். அந்த பாட்டிலை எல்லாம் எடுத்துட்டு, பின்னாடி ட்யூப் மடங்காம போறதுக்கு ஒரு 2 இஞ்ச் மட்டும் விட்டு அடுப்பை உள்ள தள்ளினோம், முன்னாடி 7 இஞ்ச் காலி இடம் கிடைச்சுது. அடுப்போட முன்சட்டம் கோட்டைத் தாண்டி ஒரு இஞ்ச் வெளிய வருது, அது பரவாயில்ல, பர்னர் ரெண்டும் நல்லா உள்ளதான் இருக்கு. ஆனா அடுப்புக்குப் பின்னாடி ஜன்னல் இருந்து அதுல கர்டன் இருந்தா முதல்ல கர்டனைக் கழட்டுங்க.

அடுத்தது கைப்பிடி. செவுத்தைப் பார்த்து திருப்பி வைக்கணும், ஆனா பக்கத்து பர்னர் தீ மேல கைப்பிடி போகக்கூடாது, போனா பிளாஸ்டிக் உருகும், இரும்பா இருந்தா சுட்டுடும். வலது பர்னர்னா வலது மூலையைப் பார்த்து, இடதுன்னா இடது மூலையைப் பார்த்து. இன்னொரு விஷயம், லேசான நான்ஸ்டிக் பேன் காலியா இருக்கும்போதோ கொஞ்சமா எண்ணெய் இருக்கும்போதோ கைப்பிடி கனத்துக்கே சாயும், தானாவே ஆடுற பேனை குழந்தை தொடவே வேண்டாம், லேசா இடிச்சா போதும். அதனால தங்கச்சி பொரியலுக்கும் வறுவலுக்கும் ரெண்டு காது வெச்ச கனமான இரும்பு வாணலிக்கு மாறிட்டா. நம்ம பழைய பாத்திரங்க பாதிக்கு மேல கைப்பிடி இல்லாம இருக்குறது இந்த விஷயத்துல நமக்கு நல்லதுதான், ஆனா அதுலயும் இடுக்கியை பாத்திர விளிம்புல மாட்டி அப்படியே விட்டுட்டு போறோம் பாருங்க, அது ஒரு கைப்பிடி ஆயிடுது. இறக்கின உடனே இடுக்கியை கழட்டி ஆணியில மாட்டிடுங்க.

தாளிப்புக் கரண்டியைப் பத்தி தனியா சொன்னியே, அதுல அப்படி என்ன?

அதுதான் எங்க கிச்சன்லயே எனக்கு ரொம்ப பயம் குடுக்குற சாமான். கிண்ணம் சின்னது, காம்பு நீளம், காம்பு பக்கம்தான் கனம். தாளிச்சு சாம்பார்ல கொட்டிட்டு மேடை ஓரத்துல வைப்போம், காம்பு வெளிய நீட்டிட்டு நிக்கும். உள்ள ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் மிச்சம் இருக்கும், ஆனா கடுகு வெடிக்கிற சூடுன்னா கொதிக்கிற தண்ணியை விட ரொம்ப அதிகம், அந்த ஒரு ஸ்பூன் ஒரு குழந்தை முகத்துக்குப் போதும். எண்ணெய் தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடாது, தோல்ல ஒட்டிட்டு நிக்கும், காயம் ஆழமா போகும்.

தங்கச்சி இப்போ தாளிச்ச கையோட கரண்டியை சாம்பார் பாத்திரத்துக்குள்ளயே முக்கி ஒரு கலக்கு கலக்குறா, எண்ணெய் சூடு அங்கயே அடங்கிடுது, வாசமும் வீணாகல, அப்புறம் நேரா சிங்க்ல போடுறா. மேடையில அதுக்கு இடமே கிடையாது.

தோசைக்கல்லும் அப்படித்தான். அடுப்பை அணைச்சு எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் அந்த இரும்பு சுட்டுட்டுதான் இருக்கும், ஆனா பார்க்குறதுக்கு சாதாரணமா இருக்கும். அதை ஆறுறதுக்குனு கீழ தரையில சாய்ச்சு வைக்காதீங்க, அடுப்பு மேலயே விட்டுடுங்க.

அடுப்பைத் தள்ளினா கேஸ் ட்யூப் பிரச்சனை வராதா? சிலிண்டர் கீழதானே இருக்கு, அதை அவன் நோண்டுவானே?

தள்ளின பிறகு ட்யூப் எங்கயும் மடங்கலையா, அடுப்போட சூடான அடிப்பக்கம் படலையானு குனிஞ்சு பாருங்க. ஆரஞ்சு கலர் சுரக்‌ஷா ட்யூப் ஒன்றரை மீட்டர்தான் வரும், அதுக்கு மேல நீளம் வேணும்னு ரெண்டை ஒட்டுப்போடக்கூடாது. ட்யூப் மேலயே வருஷம் அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்திடணும். தங்கச்சி வீட்டுல முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போன ட்யூப் அது, திருப்பிப் பார்த்தா தேதி எப்பவோ முடிஞ்சிருந்துச்சு, அன்னைக்கே மாத்திட்டோம்.

சிலிண்டரை குழந்தைகிட்ட இருந்து மறைக்கணும்னு கதவு வெச்ச கப்போர்டுக்குள்ள அடைச்சிடாதீங்க. சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட தேங்கி நிக்கும், அடைச்ச இடத்துல சேர்ந்துடுச்சுன்னா ஒரு பொறி போதும். கதவு வேணும்னா கீழயும் மேலயும் ஓட்டை இருக்குற கதவா இருக்கணும். இவ வீட்டுல கம்பி வலைக் கதவு ஒண்ணு போட்டோம், காத்து போகும், கை போகாது.

அடுப்பை உள்ள தள்ளினாலும் அவன் வளர வளர குமிழ் கைக்கு எட்டிடும், திருகுறது குழந்தைங்களுக்கு ரொம்ப பிடிச்ச வேலை. அதுக்கு ஒரே வழி, சமைச்சு முடிச்சதும் ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிடுறது. ராத்திரி மட்டும் இல்ல, ஒவ்வொரு தடவையும். அப்போ அவன் மேல எதைத் திருகினாலும் கேஸ் வராது. வாசனை அடிச்சா ஸ்விட்ச் எதையும் போடாம, அணைக்காம, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுங்க, அது கேஸ் கசிவுக்குனே இருக்குற நம்பர்.

இடம் மாத்தினோம்னு சொல்றீங்களே, எதை எங்க வெச்சீங்க? படிப்படியா சொல்லுங்க

நாங்க முதல்ல சாமானைத் தொடவே இல்ல. தங்கச்சியை வழக்கம்போல சமைக்கச் சொல்லிட்டு, பையனை நான் தூக்கி வெச்சுக்கிட்டு, அவ எத்தனை தடவை அடுப்புக்கு முதுகு காட்டுறானு மட்டும் பார்த்துட்டு இருந்தேன். ஒரு சாம்பார், ஒரு பொரியல் முடியுறதுக்குள்ள எண்ணி மாளல. உப்பு எதிர் ஷெல்ஃப்ல, புளி ஃப்ரிட்ஜ்ல, ஃப்ரிட்ஜ் ஹால்ல, கரண்டி ஸ்டேண்டு சிங்க் பக்கம், தண்ணி கேன் கிச்சன் வாசல்ல. ஒவ்வொண்ணுக்கும் அடுப்பை விட்டுட்டுப் போகணும். கவனமா இரு, பார்த்துக்கோனு எத்தனை தடவை சொன்னாலும் அந்த வீட்டு அமைப்புல அவளால கவனமா இருக்கவே முடியாது, அதுதான் எனக்குப் புரிஞ்சது.

அதனால முதல் வேலை, அடுப்புல நின்னபடி கை நீட்டினா கிடைக்கணும்ங்கிறதை எல்லாம் அடுப்புக்கு இடது பக்கம் கொண்டு வந்தோம். அஞ்சறைப் பெட்டி, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் சின்ன பாட்டில், கரண்டிங்க, பிடிதுணி, ஒரு ஜக்கு தண்ணி. எல்லாம் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி. பிடிதுணி முன்னாடி நீளத் துண்டு, அடுப்பு ஓரத்துல தொங்கும், அதை வெட்டி கையளவு துண்டா மாத்திட்டோம். புளி, வெங்காயம், தேங்காய்த்துருவல், இதெல்லாம் அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கணும்னு அவளே முடிவு பண்ணா.

ரெண்டாவது, மிக்ஸியும் கெட்டிலும். மிக்ஸி வயரு மேடை முன்னாடி வழியா தொங்கிட்டு இருந்துச்சு, மிக்ஸி கனம் என்னனு உங்களுக்கே தெரியும். ரெண்டையும் மூலையில பிளக் பாயின்ட் கிட்ட வெச்சு, வயரை சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு பின்பக்கமா விட்டோம். கெட்டில்ல தண்ணி கொதிச்சதும் வேணுங்கிறதை ஊத்திட்டு மீதியைக் கொட்டிடணும், வெந்நீரோட நிக்கக்கூடாது.

மூணாவது, ஏறுறதுக்கு உதவுற சாமான். இதை யாரும் யோசிக்கிறதில்ல. 20 லிட்டர் தண்ணி கேன், அரிசி மூட்டை, பிளாஸ்டிக் ஸ்டூல், பழைய பேப்பர் கட்டு, எல்லாமே மேடையோட ஒட்டி வரிசையா இருந்துச்சு. இவன் ஸ்டூல் மேல ஏறினா நாங்க அளந்த 99 செ.மீ. எல்லாம் வீண். எல்லாத்தையும் ஹாலுக்கும் பால்கனிக்கும் மாத்திட்டோம், ஸ்டூலை மடிக்கிற மாதிரி வாங்கி கதவுக்குப் பின்னாடி மாட்டிட்டோம்.

நாலாவது, அவனுக்குனு ஒரு இடம். அடுப்புல இருந்து தூரமா, கிச்சன் வாசல் பக்கம் கீழ இருந்த அலமாரியைக் காலி பண்ணி எவர்சில்வர் டம்ளர், சின்ன கிண்ணம், மரக்கரண்டி, மூடி, காலி டப்பா இதெல்லாம் போட்டோம். அது அவன் கிச்சன். முதல் ரெண்டு மூணு நாள் இவ சாமானுக்குத்தான் வந்தான், அப்புறம் டம்ளரை டம்ளருக்குள்ள போட்டு எடுக்குறதுலயே உக்காந்துட்டான். அந்த அலமாரியில அப்பப்போ ஒண்ணை எடுத்துட்டு வேற ஒண்ணை வைக்கணும், இல்லேன்னா சலிச்சுப்போய் திரும்ப அம்மா காலைக் கட்டிக்க வந்துடுவான். பிஸ்கெட் டப்பா மட்டும் அடுப்பு மேல இருக்குற ஷெல்ஃப்ல வைக்காதீங்க, அதை எடுக்கத்தான் ஏறுவாங்க.

கேட் போட்டா முடிஞ்சு போச்சே, எதுக்கு இவ்வளவு? வாடகை வீட்டுல போட முடியுமா?

கேட் நல்லதுதான், போட்டோம். செவுத்துல ஓட்டை போடாம ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ முறுக்கி அழுத்தி நிக்குற மாதிரி வருது, வாடகை வீட்டுக்கு அது போதும். நிலைச்சட்டத்தோட அகலத்தை மேல, நடுவுல, கீழனு மூணு இடத்துல அளந்துட்டு வாங்குங்க, நம்ம வீட்டு நிலை எல்லாம் ஒரே அளவா இருக்காது. கம்பி நேர் நேரா மேலயிருந்து கீழ இருக்கணும், குறுக்குக் கம்பி இருந்தா ஏணி மாதிரி ஏறிடுவான். ஒரு கையால திறக்குற மாதிரி இருக்கணும். கார்பென்டரை வெச்சு அரைக்கதவு போடுறதும் நல்ல வழி, வீட்டு ஓனர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

ஒரே ஒரு விஷயம் செய்யவே வேண்டாம். வாசல்ல குறுக்க பலகையையோ அட்டையையோ நிக்க வெச்சுட்டு அதைத் தாண்டித் தாண்டிப் போறாங்க சில பேரு. கையில சாம்பார் பாத்திரத்தோட அதைத் தாண்டும்போது கால் தட்டினா குழந்தை அந்தப் பக்கம்தான் நின்னுட்டு இருக்கும்.

ஆனா கேட்டை மட்டும் நம்ப முடியாது. விருந்தாளி வந்தா திறந்தே கிடக்கும், இவன் அழுதா பாட்டி திறந்து விட்டுடுவாங்க, ரெண்டு வயசு தாண்டினா சில குழந்தைங்க ஏறிக் குதிச்சுடும். கேட் திறந்திருக்குற அன்னைக்கும் உள்ள எதுவும் எட்டக்கூடாது, அதுக்குத்தான் இவ்வளவு.

எங்க வீட்டுல தரையில உக்காந்துதான் சாப்பிடுவோம், கஞ்சி வடிக்கிறதும் கீழதான். அதுக்கு என்ன பண்றது?

இந்தக் கேள்வி கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, இதுதான் முக்கியம். மேடையைப் பத்தியே பேசிட்டு தரையை மறந்துடுறோம். வார்டுக்கு வர்ற தவழுற குழந்தை, புதுசா நடக்குற குழந்தை நிறைய பேரு தரையில இருந்த பாத்திரத்துலதான் கை விட்டிருப்பாங்க, இல்ல தடுமாறி உள்ளயே உக்காந்திருப்பாங்க. சோத்துப் பானையை கவுத்து கீழ குண்டான்ல கஞ்சி வடியும்போது பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. கஞ்சி கெட்டியா இருக்கிறதால உடம்புல ஒட்டிக்கும், சூடும் சீக்கிரம் இறங்காது, வெறும் வெந்நீரை விட மோசமா சுடும்.

தங்கச்சி கஞ்சி வடிக்கிறதை சிங்க்குக்குள்ள மாத்திட்டா, பானையை சாய்ச்சு நிறுத்த சிங்க் விளிம்பே போதுமா இருக்கு. கஞ்சி வேணும்னா சிங்க்குக்குள்ளயே குண்டானை வெச்சுப் பிடிச்சுக்கலாம். குக்கர்ல ஆவி அடங்குறதுக்குனு கீழ இறக்கி வைக்கிறதையும் நிறுத்திட்டா, அடுப்பு மேலயே அடங்கட்டும். சாப்பிடும்போது சாம்பார் ரசம் எல்லாம் பெரிய பாத்திரத்தோட நடுவுல வராம, தட்டுலயே ஊத்தி எடுத்துட்டு வர்றாங்க. பையன் தூங்கும்போது வேணா பழைய மாதிரி கீழ வெச்சு சாப்பிடுங்க.

டீ டம்ளரும் இதுலதான் சேரும். டீ போட்டு கால் மணி நேரம் ஆனாலும் குழந்தைத் தோலை வேக வைக்கிற அளவுக்கு சூடு இருக்கும், பெரியவங்க தோலை விட அவங்க தோலு மெல்லிசு. சோபா கைப்பிடி மேலயும், தரையில பேப்பர் படிக்கிறவர் பக்கத்துலயும் டீ டம்ளர் இருக்கவே கூடாது. குளிக்கிற வெந்நீர் பக்கெட்டும் அப்படித்தான், ஹீட்டர் ராடு போட்டா பாத்ரூம் கதவை வெளியே தாழ் போடணும், கலக்கும்போது பச்சைத் தண்ணியை முதல்ல ஊத்திட்டு வெந்நீரை அப்புறம் ஊத்துங்க.

அவன் அழுதுட்டே இருக்கான், இடுப்புல வெச்சுட்டு சமைக்கிறேன், கையிலதானே இருக்கான், அதுவும் தப்பா?

வெங்காயம் உரிக்கலாம், பருப்பு கழுவலாம், அடுப்பு எரியும்போது வேண்டாம்மா. இடுப்புல இருக்குற குழந்தையோட கை நேரா வாணலி உயரத்துக்கு வருது, நீங்க அளந்து தள்ளி வெச்சதுக்கு எல்லாம் அர்த்தமே இல்லாம போயிடும். ஒரு கையால கடாயைப் பிடிச்சு கிளறவும் முடியாது. ரொம்ப அழுதா அடுப்பை அணைச்சுட்டு போங்க, பொரியல் அரை வேக்காட்டுல கிடந்தா ஒண்ணும் ஆகாது. வறுக்குறது, பொரிக்கிறது, அப்பளம் சுடுறது இதெல்லாம் அவன் தூங்குற நேரத்துக்குனு ஒதுக்கிட்டா தங்கச்சி, விழிச்சிருக்கும்போது இட்லி, குக்கர் சாதம் மாதிரி மூடி வெச்சு வேகுற சமையல்தான்.

எங்க மாமியார் “நாங்க அஞ்சு பிள்ளை வளர்க்கலையா”ன்னு கேக்குறாங்க, என்ன பதில் சொல்றது?

தங்கச்சி மாமியாரும் கேட்டாங்க, நான் அவங்ககிட்ட உக்காந்து பேசினேன். அத்தை, உங்க காலத்துல அடுப்பங்கரை தனியா இருந்துச்சு, அதுக்கு கதவு இருந்துச்சு, நீங்க சமைக்கும்போது பிள்ளையை வெச்சுக்க நாத்தனார், பாட்டி, பக்கத்து வீட்டு அக்கானு நாலு பேரு இருந்தாங்க, இவ காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தனியா இருக்கா, ஹாலை ஒட்டியே கிச்சன் இருக்கு, இப்படித்தான் சொன்னேன். அவங்களுக்கு அது புரிஞ்சுது. அப்புறம் மஞ்சள் கோட்டைக் காட்டினேன், ஃப்ரிட்ஜ்ல பையன் எட்டின உயரத்தைக் காட்டினேன். சண்டை போடுறதை விட அளந்து காட்டுறது நல்லா வேலை செய்யுது. இப்போ அவங்க வந்தா முதல்ல இடுக்கி ஆணியில இருக்கானு பார்க்குறாங்க.

இவ்வளவும் பண்ணியும் ஒருவேளை கொட்டிடுச்சுன்னா முதல்ல என்ன பண்ணணும்?

முதல்ல துணியைக் கழட்டுங்க, டயப்பர் உட்பட. துணியும் டயப்பரும் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இன்னும் வேக வைக்கும். தோலோட ஒட்டியிருந்தா அதை மட்டும் இழுக்காம சுத்தி வெட்டி விட்டுடுங்க. அரைஞாண் கயிறு, காப்பு, கொலுசு, செயின் பட்ட இடத்துல இருந்தா உடனே எடுத்துடுங்க, அப்புறம் வீங்கினா எடுக்க முடியாது, இறுக்கும்.

அடுத்தது ஓடுற தண்ணி, 20 நிமிஷம். ரெண்டு நிமிஷம் காட்டிட்டு நிறுத்துறாங்க, பத்தாது, உள்ள இருக்குற சூடு இறங்கணும். நம்ம ஊர்ல ஒரு விஷயம் பார்க்கணும், மத்தியானம் மேல்நிலைத் தொட்டித் தண்ணி குழாய்ல கொதிச்சுட்டு வரும், அதைக் காட்டக்கூடாது, கையில பிடிச்சுப் பாருங்க, சூடா இருந்தா குடிக்கிற தண்ணி கேன்ல இருந்தோ பானையில இருந்தோ சொம்பால மெதுவா ஊத்திட்டே இருங்க. ஐஸும் ஐஸ் தண்ணியும் வேண்டாம். பட்ட இடத்துல மட்டும் தண்ணி, மீதி உடம்பைத் துண்டுல சுத்தி வைங்க, சின்னக் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துடும். உடனே பண்ண முடியலைன்னாலும் மூணு மணி நேரத்துக்குள்ள பண்ணினா பிரயோஜனம் இருக்கு.

டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க், நெய், தேங்காய் எண்ணெய், முட்டை, தோசை மாவு, எதையும் தடவாதீங்க. வார்டுல நாங்க முதல்ல அதைக் கழுவித்தான் காயத்தையே பார்க்க முடியும், அந்தக் கழுவுறது குழந்தைக்கு எவ்வளவு வலிக்கும்னு நான் தினம் பார்த்திருக்கேன். கொப்புளத்தை உடைக்காதீங்க. சுத்தமான காட்டன் துணியால லேசா மூடி கூட்டிட்டுப் போங்க. குழந்தையோட உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவை விடப் பெருசா இருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்புல பட்டிருந்தாலும், தோல் வெள்ளையாவோ கறுப்பாவோ ஆகியிருந்தாலும் 108 கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க. வெந்த இடத்துல குழந்தைக்கு வலிக்கவே இல்லைன்னா நல்லதுனு நினைக்காதீங்க, ஆழமா வெந்திருந்தா அப்படித்தான் வலி தெரியாம இருக்கும். சின்னதா இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஒரு தடவை மாத்திட்டா போதுமா, இல்ல திரும்பத் திரும்ப பண்ணணுமா?

போதாது. ஒரு வயசுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள குழந்தை சராசரியா 12 செ.மீ. வளரும், கையும் அதோட சேர்ந்து ஏறும், அப்போ மேடைக்கு உள்பக்கமும் இன்னும் தூரம் துழாவுவான். தங்கச்சி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜ்ல காந்த பொம்மையை வெச்சு அளக்குறா, பென்சில் கோடு போடுறா, கோடு மேல போகப் போக மஞ்சள் டேப்பைப் பிச்சு பின்னாடி ஒட்டுறா. போன தடவை 105ஐ தொட்டுட்டான், அதனால டேப் இப்போ 10 இஞ்ச்ல இருக்கு. அதுக்கு மேல அடுப்பைத் தள்ள இடம் இல்ல. அதோட நாற்காலியை இழுத்துட்டு வரவும் பழகிட்டான், அதனால சாப்பாட்டு மேஜை நாற்காலி நாலையும் கேட்டுக்கு அந்தப் பக்கம் மேஜைக்கு அடியில தள்ளி ஒரு கயித்தால சேர்த்துக் கட்டி வெச்சிருக்கா, ஆள் உக்காரும்போது மட்டும் அவிழ்க்குறாங்க. “சூடு”னு சொன்னா கையை இழுத்துக்கிறான், ஆனா அதை நம்பி அவனைப் பக்கத்துல விடக்கூடாதுனு சொல்லியிருக்கேன், சொல் புரியுறது வேற, ஆசையை அடக்குறது வேற, அந்த வயசுல ரெண்டாவது வராது.